"காதுக்குள்ள சில்வண்டு கத்துது": குழந்தைகளின் காது இரைச்சல்

1.
காது இரைச்சல்னு சொன்னாலே வயசானவங்க பிரச்சனைன்னு நினைக்கிறோம். டின்னிட்டஸ் எனப்படும் இந்த இரைச்சல் குழந்தைகளுக்கும் வரும். வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோது காதுக்குள்ளேயோ தலைக்குள்ளேயோ ஒரு சத்தம் கேட்பதுதான் இது. பெரியவங்க நேரா டாக்டர்கிட்ட வந்து சொல்லிடுவாங்க. குழந்தைங்க சொல்ல மாட்டாங்க. எல்லாருக்கும் இப்படித்தான் கேட்கும் போலன்னு நினைச்சுக்கிட்டு பல பேர் பேசாம இருந்துடுவாங்க.

2.
சொல்ற குழந்தையும் "இரைச்சல்"ங்கிற வார்த்தையைச் சொல்லாது. தனக்குத் தெரிஞ்ச சத்தத்தைச் சொல்லும். கீரமங்கலம் பக்கம் தோப்பும் தோட்டமுமா வளர்ற பிள்ளைங்க "சில்வண்டு கத்துது", "போர் மோட்டார் ஓடுது", "தேனீ சுத்துது"ன்னு சொல்லுவாங்க. இன்னும் சில பேர் "குக்கர் விசில் தூரத்துல கேட்குது", "காதுக்குள்ள காத்து அடிக்குது", "நெஞ்சு காதுல அடிக்குது"ன்னு சொல்லுவாங்க. "காதுக்குள்ள பூச்சி போயிருச்சு"ன்னு அழற குழந்தையும் உண்டு. உண்மையிலேயே பூச்சி போயிருக்கலாம், அதைப் பார்த்துத்தான் ஆகணும். காது சுத்தமா இருந்தா, குழந்தை பொய் சொல்லுதுன்னு முடிவு கட்டிடாதீங்க.

3.
வாயால் சொல்லாத குழந்தை நடத்தையில் காட்டும். விளக்கை அணைச்சு எல்லாரும் படுத்ததும் தூங்க மறுக்கும், டிவியை ஓட விட்டுத் தூங்கணும்னு அடம் பிடிக்கும், அடிக்கடி காதைப் பொத்தும். அமைதியான பரீட்சை ஹாலில் மட்டும் கவனம் சிதறும். சுத்தி அமைதியா இருக்கும்போது உள்ளே இருக்கிற சத்தம் பெரிசா தெரியும். அதனாலதான் பல வீடுகளில் இது ராத்திரிப் பிரச்சனையா வெளியே வருது.

4.
எப்படிக் கேட்கணும்? "உனக்குக் காதுல சத்தம் கேட்குதா?"ன்னு கேட்டா சின்னக் குழந்தைங்க பெரும்பாலும் "ஆமா"ன்னுதான் தலையாட்டும். அதுக்குப் பதிலா, "எல்லாரும் தூங்கிட்டாங்க, டிவி ஓடல, அப்போ உனக்கு என்னென்ன கேட்கும்?"னு கேளுங்க. நாய் குரைக்கிறது, ஃபேன் ஓடுறதுன்னு வரிசையா சொல்லும்போது இதையும் தானா சொல்லும். அப்புறம் அந்தச் சத்தத்தை வாயால செஞ்சு காட்டச் சொல்லுங்க. எந்தப் பக்கம்னு விரலால தொடச் சொல்லுங்க. பேசத் தயங்குற குழந்தைகிட்ட ஒரு பேப்பரைக் கொடுத்து வரையச் சொன்னா போதும்.

5.
ஒரு சின்னச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். சத்தம் கேட்கும்போது அது போற வேகத்திலேயே மேசையைத் தட்டச் சொல்லுங்க. அதே நேரம் குழந்தையின் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்க. தட்டும் நாடியும் ஒண்ணா ஓடினா, அது நாடியோடு சேர்ந்து துடிக்கிற இரைச்சல். அதை மற்ற இரைச்சல் மாதிரி பொறுத்துப் பார்க்கக் கூடாது. ரத்தசோகையால் வரலாம், காதுக்குள் நீர் தேங்கியும் வரலாம். அரிதாக ரத்தக்குழாய் கோளாறோ மூளையில் அழுத்தம் கூடுவதோ காரணமா இருக்கலாம். அதனால டாக்டர் பார்த்தே ஆகணும்.

6.
ஒரு உதாரணம் பார்ப்போம். அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன். ஏழு வயசுப் பாப்பா. "ராத்திரி ஆனா சில்வண்டு கத்துதுன்னு எழுந்து உக்காந்துக்கிறா சார்"னு அம்மா கூட்டிட்டு வந்தாங்க. சத்தம் ரெண்டு காதிலும், நாடியோடு சேரல. காதுல வலி இல்ல, சீழ் இல்ல, தலைசுத்தல் இல்ல. மேலே கேட்கக் கேட்கத்தான் மத்த விஷயம் வந்தது: மழைக்காலம் முழுக்கச் சளி, வாயைத் திறந்து தூங்குறது, ஸ்கூல்ல "கூப்பிட்டா திரும்புறதில்ல"ன்னு டீச்சர் சொன்னது.

7.
ஓட்டோஸ்கோப்பில் பார்த்தா குறும்பி அடைப்பு இல்ல. செவிப்பறை மட்டும் பளபளப்பு இல்லாம மங்கி, உள்ளே இழுத்த மாதிரி இருந்தது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் ரெண்டு சோதனை செஞ்சாங்க. டிம்பனோமெட்ரியில் செவிப்பறை அசையவே இல்ல, கோடு தட்டையா வந்தது. ஆடியோமெட்ரியில் ரெண்டு காதும் 30 டெசிபல் அளவில். 20-க்குள் இருக்க வேண்டியது. அதாவது நடுக்காதில் நீர் தேங்கி லேசான கேள்விக்குறைவு. மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கிற குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால், சளிக்குப் பிறகு இப்படி நீர் தேங்குவது சகஜம்.

8.
நீர் தேங்கினா சில்வண்டு ஏன் கத்தணும்? ஸ்டேஷன் சரியா கிடைக்காத ரேடியோவில் வால்யூமைக் கூட்டினா "உஸ்ஸ்"னு ஒரு சத்தம் வருமே, அது மாதிரி. வெளிச்சத்தம் குறைவா வந்து சேரும்போது மூளை தன் வால்யூமைக் கூட்டுது. அப்போ உள்ளே இருக்கிற சத்தம் வெளியே தெரியுது. அதனால இரைச்சல் சொல்ற எந்தக் குழந்தைக்கும் கேள்விச் சோதனை கட்டாயம். நாலைந்து வயசுல இருந்தே ஆடியோமெட்ரி செய்யலாம். அதைவிடச் சின்னக் குழந்தைங்களுக்கு வேற முறைகள் இருக்கு.

9.
இந்தப் பாப்பாவுக்கு ஆபரேஷன் சொல்லல. நடுக்காது நீர் பெரும்பாலும் தானே வத்தும் என்பதால் மூணு மாசம் காத்திருந்து மறுபடி சோதிப்பதுதான் வழக்கம். அதுவரை வகுப்பில் முன் பெஞ்ச், முகம் பார்த்துப் பேசுறது, ராத்திரி ஃபேன் சத்தமோ மெல்லிய பாட்டோ ஓடட்டும்னு சொன்னோம். மறு சோதனையில் கேள்வி சரியாகியிருந்தது, சில்வண்டும் போயிருந்தது. நீர் வத்தாம கேள்வியும் குறைஞ்சே இருந்தா, செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பது பத்தி காது டாக்டர் முடிவு பண்ணுவார்.

10.
எப்போ தாமதிக்கவே கூடாது?

திடீர்னு காது கேட்காம போனா, அடிபட்ட பிறகு இரைச்சல் வந்தா, கடும் தலைசுத்தலோ முகம் ஒரு பக்கம் கோணுவதோ சேர்ந்தா, தலைவலி, வாந்தி, பார்வை மங்கலோடு வந்தா, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஒரு காதில் மட்டும் விடாம கேட்டா, நாடியோடு துடிச்சா, காதில் நாத்தமடிக்கிற சீழ் வந்தா, ஜென்டாமைசின், அமிக்காசின் மாதிரி ஊசி போட்ட பிறகு தொடங்கினா, சில நாளுக்குள் காட்டுங்க. அந்த ஊசி இன்னும் ஓடிக்கிட்டிருந்தா, போடுற டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க.

திருவிழாவில் ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் நின்னோ, வெடி வெடிச்சோ வந்த "கொய்ங்" பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாளில் அடங்கிடும். ரெண்டு நாள் தாண்டினா காட்டுங்க. கேள்வி குறைஞ்சிருந்தா ரெண்டு நாள்கூடக் காத்திருக்க வேணாம்.

வார்த்தையா, யாரோ பேசுற மாதிரி கேட்குதுன்னு குழந்தை சொன்னா அது வேற விஷயம், அதையும் டாக்டரிடம் சொல்லணும்.

11.
செய்யக் கூடாதது: எண்ணெய் காய்ச்சி ஊத்துறது, பட்ஸ், ஹேர்பின் விட்டுக் குடையறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தா எண்ணெய் நேரா நடுக்காதுக்குப் போகும். இன்னொண்ணு, தினமும் "இன்னிக்குச் சத்தம் கேட்டுச்சா?"ன்னு விசாரிக்கிறது. கவனம் போகப் போக இரைச்சல் பெரிசாத்தான் தெரியும். பரிசோதனை முடிஞ்சு ஆபத்தில்லைன்னு தெரிஞ்சா, "இது உன் காது பண்ற சத்தம், ஒண்ணும் செய்யாது"ன்னு சொல்லிட்டு விட்டுடுங்க. பல குழந்தைகளுக்கு அந்த விளக்கத்திலேயே பயம் குறைஞ்சிடும்.

12.
எங்கே போறது? முதலில் பக்கத்து அரசு மருத்துவமனை. குறும்பி, சீழ், பூச்சி இதெல்லாம் அங்கேயே பார்த்துடலாம். கேள்விச் சோதனைக்குப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பாங்க. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வர்ற நடமாடும் மருத்துவக் குழுகிட்டயும் சொல்லலாம், அவங்க பார்க்க வேண்டிய குறைபாடுகளில் காது கேளாமையும் ஒண்ணு. போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் மூணு விஷயம் எழுதிட்டுப் போங்க: எந்தக் காது, எப்போதிலிருந்து, சத்தத்துக்குக் குழந்தை சொன்ன பேர். "சில்வண்டு"ன்னா "சில்வண்டு"ன்னே எழுதுங்க, நீங்களா மாத்தாதீங்க.