பதினோராம் பந்தியில் இருந்தது

திங்கள், துணுக்காய்

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்திருக்கிறது. பின்னேரம் தாயும் மகளுமாகக் கொண்டுவந்தார்கள். "எடுபட்டது தெரியுது மாமா, இனி என்ன செய்ய வேணும் எண்டுதான் விளங்கேல்லை" என்றாள். நான்கு பக்கம் முழுவதும் ஆங்கிலம். ஆங்கிலம் தெரிந்த எனக்கே இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது.

எது தவறினால் இடம் போகும் என்பதைத்தான் முதலில் தேடினேன். அது பதினோராம் பந்தியில் இருந்தது: நான்காம் பந்தியில் கேட்டவை உரிய காலத்தில் வராவிட்டால் தெரிவு தானாகவே இரத்தாகும். நான்காம் பந்தியை வாசிக்கும்போது இப்படியொரு ஆபத்து இருப்பது யாருக்கும் தெரியாது. அங்கே இருப்பது "இக்கடிதத் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள்" ஆவணப் பிரதிகளை அனுப்ப வேண்டும் என்பது மட்டுமே.

கடிதத் திகதி 3. கைக்கு வந்தது இன்று, 9ஆம் திகதி. பிள்ளை இன்றிலிருந்து 14 நாள் எண்ணி 23 என்று நினைத்திருக்கிறாள். உண்மையான கடைசி நாள் 17, செவ்வாய்க்கிழமை. ஆறு நாள் தபாலிலேயே போய்விட்டது.

செவ்வாய்

இரவு கடிதத்தை ஒரு தாளில் தமிழில் திருப்பி எழுதினேன். பந்தி வரிசையை விட்டுவிட்டு, தவறினால் வரும் விளைவின்படி பிரித்தேன். மேலே, இடம் பறிபோகும் காரியங்கள். அடுத்து, தாமதித்தாலும் சரிசெய்யக்கூடியவை. கடைசியில் விடுதி போன்ற தகவல்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூலப் பந்தி இலக்கத்தையும் குறித்தேன். நாளைக்கு யாராவது கேட்டால் கடிதத்தைத் திறந்து காட்ட அது வேண்டும்.

முதல் வரி இப்படி அமைந்தது: "17ஆம் திகதி செவ்வாய், அலுவலகம் மூடுமுன், பிரதிகள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் இரத்து. (பந்தி 4, 11)"

எழுதிய பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. 17ஆம் திகதி கையில் கிடைக்க வேண்டுமா, தபாலில் சேர்த்தால் போதுமா? கடிதம் சொல்லவில்லை. மருத்துவப் படிவத்தைக் கேட்கும் ஏழாம் பந்தியிலோ, தவறினால் என்ன விளைவு என்பதே இல்லை. ஊகித்து எழுதக்கூடாது என்பதால் காலையில் பிள்ளையைக் கொண்டே பதிவாளர் கிளைக்குத் தொலைபேசி எடுப்பித்தேன். பிரதிகள் 17க்குள் கிடைத்தாக வேண்டும். மருத்துவப் படிவத்தைப் பதிவு நாளில் கொண்டுவரலாம் என்றார்கள். பேசியவரின் பதவியையும் நேரத்தையும் தாளின் ஓரத்தில் எழுதச் சொன்னேன்.

மற்றொன்று, நான்காம் பந்தி கேட்பது அத்தாட்சிப்படுத்திய பிரதிகளை. மூலச் சான்றிதழ்களைப் பதிவு நாளில் காட்ட வேண்டும் என்பது ஒன்பதாம் பந்தியில். இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தாய் மூலங்களையே உறையில் போட எடுத்து வைத்திருந்தார். "மூலங்களை அனுப்ப வேண்டாம்" என்று தனி வரியாக எழுதினேன்.

புதன்

ஆவணங்களில் எது தாமதிக்கும் என்று பார்த்தால், பிறப்புச் சான்றிதழ்தான். 2008இல் இங்கிருந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போன குடும்பங்களில் மூலக் கடதாசிகளைக் காப்பாற்றி வந்தவை குறைவு. இவர்களிடம் இருந்தது பின்னர் எடுத்த மங்கிய பிரதி. பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுத்ததும் அடுத்த சிக்கல் தெரிந்தது: அதில் உள்ள பெயருக்கும் பரீட்சைப் பெறுபேற்றுப் பெயருக்கும் ஓரெழுத்து வித்தியாசம். இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். இரு பெயரையும் அதில் அப்படியே எழுத வேண்டியிருப்பதால், பிறப்புச் சான்றிதழ் கைக்கு வராமல் இதைத் தொடங்கவே முடியாது. தாளிலும் அந்த ஒழுங்கில் மாற்றி எழுதினேன்: புதன் சத்தியக் கடதாசி, வியாழன் பதிவுத் தபால். சனி, ஞாயிறு இடையில் வருவதால் வெள்ளிக்குத் தள்ளுவது ஆபத்து.

வியாழன்

பொதி போய்விட்டது, பற்றுச்சீட்டைத் தாளோடு குத்தி வைத்திருக்கிறாள்.

தாளின் தலையில் இன்னொரு வரியையும் சேர்த்தேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் இணையவழிப் பதிவு வேறு, பல்கலைக்கழகத்தில் பதிவு வேறு. ஒன்றைச் செய்தால் மற்றது முடிந்ததாகாது. அவள் முதலாவதை முன்னரே முடித்துவிட்டாள். பல பிள்ளைகள் தடுமாறுவது இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான். முல்லைத்தீவு, கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டைப் பெறும் மாவட்டம். அப்படிக் கிடைத்த இடத்தை ஒரு திகதி தவறிக் கைவிட்டால் அது பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

இப்படிக் கடிதம் தயாரிக்கும் அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். "14 நாட்களுக்குள்" என்பதற்குப் பதிலாகத் திகதியையும் கிழமையையும் எழுதுங்கள். கிடைக்க வேண்டுமா, தபாலில் சேர்த்தால் போதுமா என்று சொல்லுங்கள். தவறினால் என்ன ஆகும் என்பதை அந்த நிபந்தனைக்குக் கீழேயே, பிள்ளைக்கு விளங்கும் மொழியில் போடுங்கள்.