தொண்டை வலி, தீராத அசதி, கழுத்துல நெறி: ஒரு 16 வயசுப் பையனின் காய்ச்சல்

1/
பாக்டீரியாவால வர்ற தொண்டை வலின்னா, சரியான ஆன்டிபயாடிக் ஆரம்பிச்ச இரண்டு மூணு நாள்ல அடங்க ஆரம்பிக்கும். அப்படி அடங்காம, பிள்ளை எந்நேரமும் படுத்தே கிடக்குது, கழுத்தைச் சுத்தி நெறி கட்டியிருக்கு, வயசும் பதினைஞ்சு பதினாறுன்னா, கிளாண்டுலர் ஃபீவரை ஒரு தடவை யோசிக்கணும். எப்ஸ்டீன்-பார் வைரஸால வருவது. நம்ம ஊர்ல அடிக்கடி பார்க்கிற நோய் இல்ல. அதனாலேயே தவறிப்போகுது.

2/
புவனகிரி பக்கத்துக் கிராமத்துப் பையன். பதினொண்ணாம் வகுப்பு, ஸ்கூல் கபடி டீம்ல ரைடர். பத்து நாள்ல கடலூர்ல மேட்ச். சிதம்பரத்துல என்கிட்ட வந்தது காய்ச்சலோட ஒன்பதாவது நாள். மூணாவது நாள்லயே மருந்துக்கடையில அமாக்சிசிலின் வாங்கிக் கொடுத்திருக்காங்க. தொண்டை குறையல. எட்டாவது நாள் உடம்பெல்லாம் சிவந்து தடிப்பு. அம்மைன்னு சொல்லி பாட்டி மாத்திரையை நிறுத்திட்டு வேப்பிலை வெச்சுட்டாங்க. அப்பாவுக்கோ வேற கவலை: "ராத்திரியெல்லாம் போன் பார்த்துட்டு பகல்ல தூங்குறான் சார்."

3/
காய்ச்சல் 101 டிகிரி. கண் இமை இரண்டும் லேசா வீங்கியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னா, இரண்டு டான்சிலும் நடுவுல முட்டுற அளவு பெருசு, மேல வெள்ளைப் படலம். இந்தப் படலத்தைப் பார்த்ததும் முதல்ல யோசிக்க வேண்டியது தொண்டை அடைப்பான். அதுல படலம் சாம்பல் நிறமா டான்சிலைத் தாண்டிப் பரவும், அழுத்தமா ஒட்டியிருக்கும், எடுக்கப் பார்த்தா ரத்தம் கசியும். இவனுக்கு டான்சிலோட நின்னிருந்தது. 10 வயசுல போடுற டி.டி. ஊசியும் ஸ்கூல்ல போட்டிருந்தான். அண்ணத்துல குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் சில இருந்தது.

4/
அடுத்தது கழுத்து. சாதாரண டான்சில் தொந்தரவுல நெறி பெரும்பாலும் தாடைக்குக் கீழே, முன்பக்கம் கட்டும். காதுக்குப் பின்னாடியிருந்து காரை எலும்புக்கு இறங்குற தசை ஒண்ணு இருக்கு. அந்தத் தசைக்குப் பின்பக்கம், இரண்டு பக்கமும், தொட்டா வலிக்கிற நெறிகள் வரிசையா இருந்தா அது கிளாண்டுலர் ஃபீவர் பக்கம் கை காட்டுது. இவனுக்கு மொச்சைக்கொட்டை அளவுல அப்படித்தான் இருந்தது. அக்குள்லயும் இரண்டு.

5/
தொண்டை வலின்னு வந்தவனை எதுக்குப் படுக்க வெச்சு வயித்தைத் தொட்டுப் பார்க்கிறார்னு அம்மாவுக்குக் குழப்பம். காரணம் மண்ணீரல். இடது பக்கம் விலா எலும்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிற உறுப்பு, சாதாரணமா கைக்குத் தட்டுப்படாது. இவன் மூச்சை இழுத்தப்ப விலாவுக்குக் கீழ இரண்டு விரல் அளவு இறங்கி வந்தது.

6/
தடிப்புக்கு வருவோம். அது அம்மை இல்ல. இந்த வைரஸ் உடம்புல இருக்கும்போது அமாக்சிசிலின் அல்லது ஆம்பிசிலின் கொடுத்தா சிலருக்கு இப்படி உடம்பு முழுக்க சிவந்து அரிக்கும். எல்லாருக்கும் வராது. மாத்திரையை நிறுத்தினா சில நாள்ல வடிஞ்சுடும். இது பெரும்பாலும் நிஜமான பென்சிலின் அலர்ஜி கிடையாது. ஆனா "இவனுக்குப் பென்சிலின் ஆகாது"ன்னு யாராவது எழுதிட்டா, வாழ்நாள் முழுக்க நல்ல மருந்து ஒண்ணு கைவிட்டுப் போயிடும். அதனால சீட்டுல என்ன சூழ்நிலையில வந்த தடிப்புன்னு விவரமா எழுதிக் கொடுத்தேன். பின்னாடி அந்த மருந்து தேவைப்பட்டா டாக்டர் சோதிச்சுப் பார்த்து முடிவு பண்ணிக்கலாம்.

7/
ரத்தம். வெள்ளையணு 15,800. அதுல 64 சதவீதம் லிம்போசைட். பாக்டீரியாத் தொற்றுல பொதுவா நியூட்ரோஃபில்தான் ஏறும், இங்க தலைகீழ். ஸ்லைடை மைக்ரோஸ்கோப்ல பார்த்ததுல பத்துக்கு ஒண்ணுக்கு மேல, உருவம் மாறிப் பெருத்த லிம்போசைட்டுகள். வைரஸ் புகுந்த செல்களை அழிக்க உடம்பு அனுப்புற படை அது. தட்டணு 1,32,000. கல்லீரல் என்சைம் எஸ்.ஜி.பி.டி. 140. தட்டணு குறைஞ்சா நம்ம மாவட்டத்துல டெங்குவையும் உண்ணிக் காய்ச்சலையும் விட முடியாது. இரண்டுக்கும் டெஸ்ட் நெகட்டிவ்.

8/
உறுதிப்படுத்த ஆன்டிபாடி டெஸ்ட். 1932-ல பால், பன்னெல்னு இரண்டு பேர், இந்த நோயாளிகளோட சீரம் ஆட்டு ரத்தச் சிவப்பணுக்களைத் திரள வைக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. இன்னிக்குக் கிடைக்கிற மோனோஸ்பாட் டெஸ்ட் அதோட வாரிசு. முதல் வாரத்துல செஞ்சா, நோய் இருந்தும் நெகட்டிவ் காட்டலாம். அதனால இவனுக்கு வைரஸோட மேலுறைக்கு எதிரான ஐ.ஜி.எம். ஆன்டிபாடி அனுப்பினோம். பாசிட்டிவ். ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவா இருந்தா அது பழைய தொற்று, பெரியவங்க பெரும்பாலானோருக்கு இருக்கும். அதை வெச்சு இன்னிக்குக் காய்ச்சலுக்குப் பேர் வைக்கக் கூடாது.

9/
அதுக்குள்ள யாரோ நெட்ல தேடி "முத்தத்தால வர்ற நோய்"னு படிச்சுட்டாங்க. வீட்டுல விசாரணை ஆரம்பம். நான் சொன்னது இதுதான்: இது எச்சில் வழியாப் பரவும். ஒரே தண்ணி பாட்டில்ல வாய் வெச்சுக் குடிச்சாலும் வரலாம். உள்ள போய் நாலு முதல் ஆறு வாரம் கழிச்சுதான் காய்ச்சல் காட்டும். ஒரு தடவை வந்தவங்க எச்சில்ல, எந்த நோயும் இல்லாமலே, அப்பப்ப வைரஸ் வெளிய வரும். யார்கிட்டயிருந்து வந்துச்சுன்னு தேடுறது வீண். நம்ம ஊர்ல பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சின்ன வயசுலயே வந்து, சளிக் காய்ச்சல் மாதிரியோ, தெரியாமலேயோ போயிடும். அப்போ தப்பிச்சு வளரிளம் பருவத்துல மாட்டினாத்தான் இப்படிப் படுத்தும்.

10/
வைத்தியம் எளிமை. வைரஸைக் கொல்ல மருந்து தேவையில்ல. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், உப்புத் தண்ணியில வாய் கொப்பளிப்பு, கஞ்சி, மோர், ஓய்வு. ஆஸ்பிரின் கூடாது. ஸ்டீராய்டு எல்லாருக்கும் இல்ல, டான்சில் வீங்கி மூச்சுப் பாதை அடைபடுறவங்களுக்கு ஆஸ்பத்திரியில வெச்சுக் கொடுப்பாங்க.

11/
கஷ்டமான பேச்சு கபடி பத்தினது. "பத்து நாள் இருக்கே சார், அதுக்குள்ள காய்ச்சல் விட்டுடும்ல?"ன்னான். "காய்ச்சல் விடும் தம்பி, மண்ணீரல் விடாது"ன்னேன். வீங்கின மண்ணீரலோட உறை மெல்லிசாகி இருக்கும். ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து அமுக்குற ஆட்டத்துல அது கிழிஞ்சா வயித்துக்குள்ள ரத்தம் கொட்டும். அரிதுதான், ஆனா உயிரை எடுக்கும். நடக்கிறது பெரும்பாலும் முதல் மூணு வாரத்துக்குள்ள. அதனால குறைஞ்சது மூணு வாரம் விளையாட்டு, சைக்கிள் ரேஸ், பாரம் தூக்குறது எதுவும் இல்ல. கபடி மாதிரி ஆட்டத்துக்கு நான் ஒரு மாசம்னு வைப்பேன். மேட்ச் போச்சு. பையன் அழுதான். அஞ்சாவது வாரம் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படல, ஸ்கேன்லயும் அளவு சரியா இருந்தது. அப்புறம்தான் களத்துல இறங்கினான்.

12/
தொண்டை இரண்டு வாரத்துல சரியாச்சு, அசதி ஆறு வாரம் இழுத்துச்சு. இது சோம்பேறித்தனம் இல்ல, நோயோட வால். சிலருக்கு மாசக்கணக்குல கூட நீளும். ஸ்கூலுக்கு அரை நாள்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தச் சொன்னேன். போன் இல்ல காரணம்னு அப்பாவுக்கும் புரிஞ்சுது.

13/
வீட்டுல இருக்கும்போது இதுல ஒண்ணு வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி: இடது மேல் வயித்துல திடீர் வலி, இடது தோள்பட்டை வரை இழுக்கிறது, மயக்கம். எச்சிலைக் கூட விழுங்க முடியாதது. மூச்சு விடும்போது சத்தம்.

நெறி வலிக்காம கெட்டியா இருக்கு, காரை எலும்புக்கு மேல இருக்கு, ஒரு மாசம் தாண்டியும் வளருது, எடை குறையுது, ராத்திரி வியர்வையில நனையுதுன்னா கிளாண்டுலர் ஃபீவர்னு சமாதானம் ஆகிடாதீங்க. டிபி, ரத்தப் புற்றுநோய், லிம்போமா இதெல்லாம் இதே முகத்தோட வரும். அங்க நெறியில ஊசி போட்டு எடுத்துப் பார்க்கணும், அல்லது நெறியையே எடுத்து பயாப்சிக்கு அனுப்பணும்.