மதில்மேல் வராத காக்கை

சென்னை சாலிகிராமத்தில் ஒரு மாடி வீட்டின் இரண்டு அறைகளில் ஓர் அனிமேஷன் குழு வேலை செய்கிறது. நான் போனபோது அவர்களுடைய மூன்று நிமிடக் குறும்படம் அனிமேட்டிக் நிலையில் இருந்தது. ஸ்டோரிபோர்டுப் படங்களை, ஒவ்வொரு ஷாட்டும் திரையில் நிற்க வேண்டிய நேரத்துக்கு நிறுத்தி வரிசையாக ஓட்டிப் பார்ப்பதுதான் அனிமேட்டிக். அசைவு இன்னும் வந்திருக்காது. ஆனால் கதை புரிகிறதா என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

கதை சின்னது. ஒரு பாட்டி தினமும் மதில்மேல் சோறு வைக்கிறாள், ஒரு காக்கை வந்து தின்கிறது. ஒருநாள் அது வரவில்லை. படத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

"காக்கா வந்ததை வரைஞ்சிடலாம். வரலைங்கிறதை எப்படி வரையறது?" என்று கேட்டார் இயக்குநர். நாற்பது வயதை ஒட்டிய பெண்; அங்கே எல்லோருக்கும் அக்கா.

அந்தக் கேள்விக்குள்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது. எழுதுகிறவனுக்கு 'வரவில்லை' என்ற ஒரு சொல் போதும். படத்தில் வெறும் மதில் வெறும் மதில்தான். அதனால் காக்கையின் வருகையை முதலில் பார்வையாளருக்குப் பழக்கமாக்க வேண்டும். இரண்டு காலைகள், ஒரே கோணம், ஒரே தூரம். காக்கை இரண்டு முறையும் இடப்பக்கத்திலிருந்தே வந்து இறங்குகிறது. மூன்றாம் காலையிலும் அதே ஃப்ரேம், அதே சோறு. நம் கண் தானாகவே இடது ஓரத்துக்குப் போய்க் காத்திருக்கிறது. இரண்டாம் காலையை ஒரு இளைஞர் மொட்டைமாடியிலிருந்து பார்ப்பதுபோல் மிக அழகாக வரைந்திருந்தார். அதை எடுத்துவிட்டார்கள். கோணம் மாறினால் பழக்கம் உருவாகாது. பழக்கம் இல்லாத இடத்தில் இல்லாமையும் தெரியாது. மிக்கேல் டுடோக் டெ விட் 2000-இல் எடுத்த 'ஃபாதர் அண்ட் டாட்டர்' இந்த முறையில்தான் நெஞ்சைப் பிடிக்கிறது. படகேறிப் போன அப்பாவைத் தேடி, ஒவ்வொரு வயதிலும் மகள் அதே கரைக்கு வந்து நிற்கிறாள்.

அடுத்த அறையில் ஓர் அனிமேட்டர் பாட்டியின் திரும்பலை வரைந்துகொண்டிருந்தார். சோறு வைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பியவள் சட்டென்று நிற்க வேண்டும். வினாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்துவதால் 12 படங்கள் வரைகிறார்கள். முகம் சேர்த்த முதல் வடிவத்தில் பாட்டி திரும்பும்போதே முகமும் வாடியது. ஓட்டிப் பார்த்தால் திரும்பியது தெரிந்தது, வாட்டம் தெரியவில்லை. உடல் வேகமாக அசையும்போது முகத்தில் நடப்பதைக் கண் பிடிக்காது.

அக்கா அதைப் பிரித்துப் போடச் சொன்னார். முதலில் உடல் நிற்கிறது. எட்டு ஃப்ரேம் எதுவும் நடப்பதில்லை. பிறகு கருவிழி மட்டும் இடப்பக்கம் நகர்கிறது. ஆறு ஃப்ரேம் கழித்து ஒரு இமைப்பு, அதோடு தலை திரும்புகிறது. கடைசியில்தான் தோள் இறங்குகிறது. விழிக்கும் தலைக்கும் நடுவே இருந்த அந்த ஆறு ஃப்ரேமை எடுத்துவிட்டும் ஓட்டிக் காட்டினார். அவள் கயிறு கட்டி இழுத்த பொம்மைபோலத் திரும்பினாள். இடைவெளியைத் திரும்ப வைத்ததும் யோசிக்கிற மனுஷியானாள். கால் வினாடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நடிப்பை முதல்முறை வரையும்போது முகமே போடக்கூடாது என்பது அங்கே விதி. உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிவிட்டுப் பார்க்கிறார்கள். நிழலுருவத்திலேயே மனநிலை தெரிந்தால்தான் கண்ணும் புருவமும் வரும். 1986-இல் வந்த பிக்ஸாரின் 'லக்ஸோ ஜூனியர்' இரண்டு மேசை விளக்குகளின் கதை. அவற்றுக்கு முகமே இல்லை. பந்து உடைந்ததும் குட்டி விளக்கின் தலை தாழ்வது ஒன்றே போதுமாக இருக்கிறது.

மாலையில் கதை தெரியாத சிலரை உட்காரவைத்து அனிமேட்டிக்கைச் சத்தமில்லாமல் போட்டார்கள். முடிந்ததும் ஒரே கேள்வி: "என்ன நடந்துச்சு?" இடையில் யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அம்மா உடனே சொன்னார்: "படையலைக் காக்கா எடுக்கலை. பித்ருக்களுக்கு ஏதோ குறை வச்சிட்டாங்க." இன்னொருவரும் தலையாட்டினார்.

பாட்டிக்கும் ஒரு பறவைக்கும் இடையிலான சிநேகம் அமாவாசைக் கதையாகிவிட்டது. பேச்சில்லாத படம் உலகுக்கே புரியும் என்கிறோம். ஆனால் நம் ஊரில் காக்கை வெறும் பறவை அல்ல. வசனம் இருந்தால் ஒரு வரியில் விலக்கிவிடலாம். இங்கே பொருட்களைத்தான் மாற்ற வேண்டும். அக்கா ஷாட்டுகளைப் பின்னோக்கி ஓட்டி, சோறு வைத்திருந்த வாழையிலையில் நிறுத்தினார். இலைதான் அப்படிச் சொல்ல வைத்தது. அதை எடுத்துவிட்டு, பாட்டி தான் சாப்பிடுகிற நெளிந்த அலுமினியத் தட்டிலிருந்தே ஒரு பிடி தயிர்சோற்றை வழித்து மதிலில் வைப்பதாக மாற்றினார். படையலுக்கு எச்சில் சோறு வைக்க மாட்டார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

கூடவே பாட்டியின் "கா கா" என்ற அழைப்பும் போனது. அது பேச்சா, ஒலியா என்று அவர்களுக்குள் வெகுநேரம் வாதம் நடந்தது. அழைப்பும் படையலையே நினைவூட்டும் என்பதால் அக்கா அதை வெட்டினார். இனி பாட்டி டம்ளரால் மதிலில் இரண்டு தட்டுத் தட்டுவாள். மூன்றாம் காலையில் அந்தத் தட்டல் நான்காகும். ஒலி இல்லாமல் ஓட்டினாலும் கை நான்கு முறை உயர்வது தெரிய வேண்டும் என்று அனிமேட்டரிடம் சொல்லிவிட்டு, அடுத்த வாரச் சோதனைக்குப் புது ஆட்களைத் தேடச் சொன்னார்.