640 பேரை எடுத்தவர்

மனிதவளத் துறையில் எட்டுப் பத்து வருடம் இருந்தவரின் ரெஸ்யூமேயில், பெயருக்கும் கைபேசி எண்ணுக்கும் கீழே நாலைந்து வரிச் சுருக்கம் ஒன்று இருக்கும். யாருடையதைப் பார்த்தாலும் வார்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே ஆண்டில் 640 பேரை வேலைக்கு எடுத்தார். அட்ரிஷனை 52 விழுக்காட்டிலிருந்து 45-க்குக் கொண்டுவந்தார். ஊழியர்களுக்காக 12 திட்டங்களை நடத்தினார். மூன்றும் மூன்று தனிச் சாதனைகளாக வரிசையில் நிற்கின்றன. படிப்பவரும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மனத்துக்குள் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த ரெஸ்யூமேக்குப் போய்விடுகிறார். அப்படிப் படிக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. இந்த மூன்றும் ஒரே கணக்கின் வரவும் செலவும். ஒன்றை வைத்துத்தான் மற்றதைச் சரிபார்க்க முடியும். அதிலும் முதல் எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு கவனமாக இரண்டாவதைப் பார்க்க வேண்டும்.

ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏப்ரல் மாதம் ஆண்டு தொடங்கும்போது 780 பேர். அடுத்த மார்ச்சில் 820 பேர். நடுவில் எடுத்த ஆட்கள் 640. கூடியது 40 பேர்தான் என்றால், மிச்சம் 600 பேர் வாசல் வழியாக வெளியே போயிருக்கிறார்கள். சராசரி ஆட்பலம் 800. அட்ரிஷன் 75 விழுக்காடு. பிறகு 45 எப்படி வந்தது? அந்த 600 பேரில் 240 பேர் சேர்ந்த முதல் மாதத்துக்குள் நின்றவர்கள். 'அவர்கள் இன்னும் பயிற்சியில் இருந்தவர்கள், கணக்கில் சேர மாட்டார்கள்' என்று ஒதுக்கிவிட்டால் 360 பேர்தான் மிஞ்சுவார்கள். 800-க்கு 360 என்றால் 45. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட அதே 240 பேர், முதல் வரியில் உள்ள 640-க்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எடுக்கும்போது ஆள், போகும்போது ஆளில்லை. 52-லிருந்து 45-க்கு இறங்கியதும் இதே பாதையாக இருக்கலாம். 800 பேர் உள்ள இடத்தில் 7 விழுக்காடு என்பது 56 பேர். பயிற்சிக் காலத்தின் எல்லையைச் சில நாள் தள்ளி ஒரு மாதமாக்கினாலே அந்த 56 பேர் கணக்கிலிருந்து கழன்றுவிடக்கூடும்.

இதே 640 இன்னொரு இடத்தில் வேறு கதை சொல்லும். புதிதாகத் திறந்த ஆலை. ஆண்டின் தொடக்கத்தில் 100 பேர், முடிவில் 700 பேர். 640 பேரை எடுத்ததில் 600 பேர் கூடியிருக்கிறார்கள். போனவர்கள் 40 பேர்தான். சராசரி 400-க்கு 10 விழுக்காடு. இந்த 640 உண்மையிலேயே மலைக்க வைக்கும் வேலை. எண் ஒன்று, வேலை இரண்டு. எது எது என்று தெரிய ஆண்டின் தொடக்க ஆட்பலமும் முடிவு ஆட்பலமும் வேண்டும். அந்த இரண்டையும்தான் ரெஸ்யூமேகள் வழக்கமாக விட்டுவிடுகின்றன.

ஆள் எடுத்த எண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஆதி உதாரணம் ஃபோர்ட் கம்பெனியின் 1913-ஆம் ஆண்டுக் கணக்கு. ஏறத்தாழ 14,000 பேர் வேலை செய்த ஆலையை ஓட்ட அந்த ஆண்டு 52,000-க்கும் மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. அட்ரிஷன் 370 விழுக்காடு. அன்று அங்கே ஆள் எடுத்த அதிகாரி தன் ரெஸ்யூமேயில் '52,000' என்று போட்டிருந்தால் அதை மிஞ்ச இன்றுகூட அதிகம் பேர் கிடைக்க மாட்டார்கள். 1914 ஜனவரியில் கம்பெனி நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தது. அது பழைய கூலியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேலை நேரமும் 9 மணியிலிருந்து 8 மணியானது. அந்த ஆண்டு அட்ரிஷன் 54 விழுக்காடு, 1915-இல் 16. அப்போது ஆள் எடுக்கும் எண்ணும் சரிந்துதானே ஆக வேண்டும்? ஆட்பலம் பெரிதாகக் கூடாத இடத்தில், ஆட்களைத் தக்கவைக்கும் வேலை நன்றாக நடந்தால் ஆள் எடுக்கும் வேலை குறையும். ஆகவே ஆலை அதே அளவில் இருக்க, எடுத்த ஆட்களும் ஆண்டுக்கு ஆண்டு கூடினார்கள், அட்ரிஷனும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது என்று ஒரு சுருக்கம் சொன்னால், இரண்டில் ஒன்று தப்பு. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம், கழித்தல் தெரிந்தால் போதும்.

சரி, அட்ரிஷன் உண்மையிலேயே குறைந்தது என்றே இருக்கட்டும். குறைத்தது யார்? ஃபோர்ட் கதையிலேயே இந்தக் கேள்வி உண்டு. 1914-இல் அமெரிக்காவில் தொழில் மந்தம், வேறு இடத்தில் வேலை கிடைப்பது அரிது. நமக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு சான்று இருக்கிறது. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் வெளியிட்ட அட்ரிஷன் 28.4 விழுக்காடு, 2024 மார்ச்சில் 12.6. டி.சி.எஸ். நிறுவனத்தில் 2022 செப்டம்பரில் 21.5, 2024 மார்ச்சில் 12.5. அதே 2023-24 நிதியாண்டில் இரண்டு நிறுவனங்களிலும் மொத்த ஆட்பலமே குறைந்தது. கொரோனாவுக்குப் பிந்தைய ஆர்டர் வெள்ளம் வடிந்தது, வெளியே தாவ இடமில்லை, இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அந்தக் காலத்தில் ஓ.எம்.ஆரில் எந்த ஐ.டி. கம்பெனியில் மனிதவள அதிகாரியாக இருந்தாலும், 'அட்ரிஷனைப் பாதியாக்கினேன்' என்று எழுதிக்கொள்ள வாய்ப்பிருந்தது. எழுதியவர்களில் சிலர் உண்மையாகவே உழைத்திருப்பார்கள். அதைப் பிரித்துக் காட்ட ஒரே வழி, ஒரே சந்தையில் இருந்த இரண்டை ஒப்பிடுவதுதான்: தன் பொறுப்பிலிருந்த பிரிவு எவ்வளவு குறைந்தது, அதே கம்பெனியின் மற்றப் பிரிவுகள் எவ்வளவு குறைந்தன?

மூன்றாவது வரிக்கு வருவோம். திட்டங்கள் என்ற தலைப்பில் பொங்கல் விழாவும் மகளிர் தினக் கோலப் போட்டியும் யோகாவும் வரிசையாக வரும். அவற்றோடு, பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவும் குழந்தைகள் காப்பகமும் இடம்பெறும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழுவை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. 50 பேர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. வைக்காவிட்டால் குற்றம் என்பதை வைத்ததற்காகப் பாராட்டு எதிர்பார்ப்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே படுகிறது. அந்தக் குழுவுக்கு எத்தனை புகார் வந்தது, எத்தனை நாளில் முடிந்தது என்றால் அது வேறு பேச்சு.

நல்ல திட்டம் எப்படியிருக்கும் என்பதற்கு அந்த 240 பேரிடமே போகலாம். அவர்கள் நின்ற தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு இடத்தில் குவியும்: முதல் வாரம், முதல் சம்பளத்துக்கு மறுநாள். முதல் வாரக்காரர்களுக்கு எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலையும் இரவு ஷிஃப்டும் ஒத்துவரவில்லை. சம்பளத்துக்கு மறுநாள் போகிறவர்களின் கதை வேறு. ஆள் பிடித்தவர் ஊரில் 16,000 ரூபாய் என்று சொல்லியிருப்பார். அடிப்படைச் சம்பளம் 11,000 என்றால் அதில் 12 விழுக்காடு பி.எஃப். 1,320, மொத்தம் 16,000-இல் இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு 120. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 1,500. கையில் வருவது 13,060. வீட்டுக்கு இவ்வளவு அனுப்புகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்த பையனுக்கு அந்தக் கிட்டத்தட்ட 3,000 ரூபாய் ஏமாற்றமாகத்தான் தெரியும். வெளியேறும்போது நடக்கும் நேர்காணலில் அவன் இதைச் சொல்ல மாட்டான். 'மேலே படிக்கப் போகிறேன் சார்' என்பான், படிவத்திலும் அதுவே ஏறும். சேருமுன்பே மாதிரிச் சம்பளச் சீட்டைக் கையில் கொடுத்து, பிடித்தம் ஒவ்வொன்றையும் விளக்கி, உற்பத்தி வரிசையையும் அரை மணி நேரம் சுற்றிக் காட்டினால், சிலர் அங்கேயே வேண்டாம் என்று திரும்பிவிடுவார்கள். மிச்சமுள்ளவர்கள் தெரிந்து சேர்கிறார்கள். விழாவுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. ஆனால் இப்படிச் செய்தவரின் ரெஸ்யூமேயில் முதல் வரி 640-லிருந்து 450-க்கு இறங்கிவிடும், திட்டங்கள் பன்னிரண்டும் ஒன்றாகச் சுருங்கும். இன்றைய வார்ப்பு தண்டிப்பது இவரைத்தான்.

நாலு வரியில் இவ்வளவையும் எப்படி எழுதுவது என்று கேட்பார்கள். எழுதலாம். '800 பேர் உள்ள ஆலை. ஆண்டுக்கு 640-ஆக இருந்த ஆள்சேர்ப்பு 450 ஆனது. சேர்ந்தவர்களில் 90 நாள் தாண்டியவர்கள் 100-க்கு 55 என்றிருந்தது 75 ஆனது. செய்தது, சேருமுன் சம்பளச் சீட்டு விளக்கமும் உற்பத்தி வரிசைப் பார்வையும்.' இதில் பழைய சுருக்கத்தைவிட அதிக இடம் போகவில்லை. சேர்ந்த 100 பேரில் 90 நாள் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்ற அளவு ஆண்டு அட்ரிஷனைவிட நாணயமானது. யாரையும் கணக்கிலிருந்து ஒதுக்க அது இடம் தராது. பத்து வருடமாக இருப்பவர்களின் நிலைப்பு புதியவர்களின் ஓட்டத்தை மறைப்பதும் அதில் நடக்காது.

பெரிய எண் இல்லாவிட்டால் முதல் சலிப்பிலேயே ரெஸ்யூமே விழுந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் வரும் விண்ணப்பங்களைச் சலிப்பவர் ஒன்றுக்கு அரை நிமிடம் ஒதுக்கினாலே அதிகம். ஆனால் மூத்த பதவிக்கு எடுக்கும்போது எதிரே உட்காருபவர் பெரும்பாலும் ஆலைத் தலைவரோ நிதித் தலைவரோதான். 'மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள்?' என்று அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே 640 உடைந்துவிடும். சலிப்பவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வேலை விளம்பரத்திலேயே 'பெருமளவு ஆள்சேர்ப்பில் அனுபவம்' என்று கேட்கும் கம்பெனி, தன் ஆட்கள் ஏன் பெருமளவில் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்வதில்லை.

கம்பெனியின் உள்கணக்கை வெளியே எழுதலாமா என்ற தயக்கமும் நியாயமானதே. பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள சில பெரிய கம்பெனிகள் அட்ரிஷனைத் தாங்களே வெளியிடுகின்றன. மற்றவை சொல்வதில்லை, வேலையை விட்டவரும் சொல்லக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் ஆட்பலத்தை 'ஆயிரத்துக்குள்' என்று எழுதிவிட்டு, முதல் ஆண்டின் 90 நாள் நிலைப்பை 100 என்று வைத்துக்கொண்டு பின்வந்த ஆண்டுகளை அதற்கு ஒப்பாகச் சொல்லலாம். ரகசியம் உடையாது, கழித்துப் பார்க்க நினைப்பவருக்குத் தொடங்க ஓர் இடமும் கிடைக்கும்.