யாரைச் சொன்னாங்க?

எங்க கொடகவெல பக்கத்துப் பாடசாலைகளிலும் இப்ப வேலைப் பங்கீடு வட்சப் குழுவில்தான். ஒரு செய்தியில் நாலு பேருடைய பெயர் @ குறியுடன் வந்தால் நாலு போனும் சத்தம் போடும். ஆனா வேலை நாலு பேருக்கும் இல்லை.

உதாரணத்துக்கு, அதிபர் இப்படிப் போடுகிறார்: "@கணித சேர், @தமிழ் டீச்சரிடம் தரம் 5 பட்டியலை வாங்கி வெள்ளிக்குள் அனுப்பவும்." பெயருக்குப் பின்னால் உள்ள உருபைப் பாருங்க. 'இடம்' வந்தால் அவர் பட்டியல் வைத்திருப்பவர். உருபில்லாமல் விளிக்கப்பட்டவர்தான் அனுப்ப வேண்டியவர்.

டீச்சர் அதற்கு ரிப்ளை போடுகிறார்: "அது @விஞ்ஞான சேரிடம் இருக்கு." அந்த ரிப்ளையை இழுத்து அதிபர், "சரி, இன்றைக்கே அனுப்புங்க" என்கிறார். இங்கேதான் சிக்கல். பெட்டிக்குள் டீச்சரின் செய்தி, பட்டியல் விஞ்ஞான சேரிடம், பொறுப்பு கணித சேரிடம். 'அனுப்புங்க' ஒருவருக்கு மரியாதையாகவும் இருக்கலாம், பலருக்கும் இருக்கலாம். யாருக்கென்று அந்தச் சொல் காட்டாது.

நாங்க செய்வது: முதல் செய்திக்குப் போய், வேலையை யாருக்குக் கொடுத்தது என்று பார்ப்போம். பிறகு வந்தது அதை வெளிப்படையாக மாற்றாவிட்டால் பொறுப்பு மாறவில்லை. நாள் மட்டும் மாறியிருக்கு. அப்படியும் சந்தேகமென்றால் கணித சேர் அதே செய்திக்குக் கீழ், "விஞ்ஞான சேரிடம் வாங்கி நான் இன்றைக்கே அனுப்புறேன், சரியா சேர்?" என்று எழுதினால் போதும். நீல டிக் வாசித்ததற்கு மட்டும்தான் சாட்சி, ஏற்றதற்கு இல்லை.