கையும் தராசும்

கலோரிக் கணக்கு எழுதுவதை நான் பதினோராவது நாளில் விட்டுவிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் போனை எடுத்துப் பதிவதென்றால் சாப்பாடு சாப்பாடாகவே இருக்காது. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, ஏழு கிலோவாவது இறக்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கைக்கணக்குக்கு மாறினேன். சோறு இரண்டு கைப்பிடி, மீனோ கோழியோ உள்ளங்கை அளவு, எண்ணெய் கட்டைவிரல் அளவு. இரண்டு மாதம் போயும் எடை அசையவில்லை.

கிச்சன் ஸ்கேல் ஒன்று வாங்கினேன். தினமும் நிறுக்க இல்லை. என் கை எவ்வளவு பொய் சொல்கிறது என்று ஒரு வாரம் பார்க்க. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சோத்தையாடா நிறுப்பாங்க?" என்றாள்.

தட்டை வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, வழக்கம்போல் 'இரண்டு கைப்பிடி' போட்டேன். மதியம் 310 கிராம் வந்தது. ஆபீஸ் முடிந்து பசியோடு உட்கார்ந்த இரவில் அதே இரண்டு கைப்பிடி 430 கிராம். வடித்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி என்றால், வித்தியாசம் மட்டும் ஏறத்தாழ 160. அரிசியாக நிறுத்தால் இந்தக் கணக்கு செல்லாது. தண்ணீர் குடித்துச் சோறு இரண்டரை, மூன்று மடங்கு கனத்துவிடும்.

எண்ணெயை வாணலியில் நிறுக்க முடியாது. பாட்டிலை ஸ்கேலில் வைத்துச் சுழியமாக்கி, ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தால் குறைந்த அளவு மைனஸில் தெரியும். அம்மா "ரெண்டு ஸ்பூன்தான்" என்று சொன்ன பொரியலுக்கு மைனஸ் 46 காட்டியது. மூன்று பேருக்குப் பிரித்தால் தலைக்கு 15 கிராம். கிராமுக்கு 9 கலோரி, ஆக 135. நான் பாதிகூட நினைத்திருக்கவில்லை. அம்மா பொய் சொல்லவில்லை. அவள் ஸ்பூன் என்றது குழிக்கரண்டியை.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. கை தப்பாக அளப்பது பெரிய பிரச்சினையே இல்லை. தினமும் ஒரே மாதிரி தப்பாக அளந்தால், எடை இறங்காதபோது ஒரு பிடியைக் குறைத்துக்கொள்ளலாம். என் கை பசியைப் பொறுத்து மாறியது; எண்ணெயோ என் கைக்கு வரவே இல்லை.

ஆகவே ஸ்கேலை அளவுகோலுக்கு அளவுகோலாக மட்டும் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டியில் தலைதட்டி எடுத்தால் 75 கிராம். வேளைக்கு நான்கு கரண்டி, பசித்தாலும் நான்குதான். எண்ணெய்க்கு ஐந்து மில்லி ஸ்பூனைப் பாட்டில் பக்கத்திலேயே தொங்கவிட்டேன். மீன், காய் எல்லாம் கைக்கணக்கில்தான். அங்கே தவறினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

மாதம் ஒருநாள் ஸ்கேல் பரணிலிருந்து இறங்கும். போன மாதம் என் 'தலைதட்டிய' கரண்டி 90 கிராம் காட்டியது. கூம்பு கட்ட ஆரம்பித்திருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்டி அதேதான், நீதான் ஏமாத்துற" என்றாள்.