முதல் நூறு பக்கங்கள்

பருமனான நூலைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுகிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நான் அதனை ஒப்புக்கொள்வதில்லை. ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாம் நூல் 2003ஆம் ஆண்டு வெளிவந்தபோது, ஆங்கிலேயப் பதிப்பில் 766 பக்கங்கள் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அதை நான்கைந்து நாளில் முடித்துவிட்டு அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். பெரியவர்களுக்கான மாயக் காவிய நாவல்களில் முதன்மையானதாக எண்ணப்படும் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நூலின் முதற்பகுதியை எடுத்துச் சொற்களை எண்ணிப் பார்த்தால், அந்த ஐந்தாம் ஹாரி பாட்டரைவிட அது சிறியது. அப்படியிருக்க, அதைக் கடந்த பிள்ளை இதில் ஏன் இடறி விழுகிறது?

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டளவில் எழுந்ததன்று. என் தங்கையின் மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். பள்ளிப் பருவத்தில் மாயக்கதை நூல்கள் அனைத்தையும் உண்ணும் வேளையிலும் விடாது படித்தவள். அவளுக்கு எஸ். ஏ. சக்ரவர்த்தி என்ற அமெரிக்க முஸ்லிம் பெண்மணி எழுதி 2017இல் வெளிவந்த ‘த சிட்டி ஆஃப் பிராஸ்’ என்ற நாவல் ஒருவர் மூலம் கிடைத்தது. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் பித்தளை நகரத்தின் பெயரைத் தாங்கிய நூல். ஐந்நூறு பக்கங்களுக்கு மேல். சில நாட்களில் அதை மேசை மீது குப்புற வைத்துவிட்டாள். அதற்கு முன் டோல்கீனையும் முன்னுரையிலேயே நிறுத்தியிருந்தாள்.

“மாமா, யார் எந்தக் குலம், எது எந்த ஊர் என்று ஒன்றும் பிடிபடவில்லை. வாசிப்பெல்லாம் சிறுபிள்ளைப் பருவத்தோடு முடிந்துவிட்டது போலும். இனி எனக்கு ஒத்துவராது” என்றாள்.

கைப்பேசி ஒன்று எந்நேரமும் கையில் இருக்கும் வயதில், வாசிப்பு தனக்கு ஒத்துவராது என்று ஒரு பெண் தானே முடிவு கட்டிவிட்டால் அந்தக் கதவு மீண்டும் திறப்பது அரிது. எனவே எந்தப் பக்கத்தில் நின்றாள் என்று விசாரித்தேன். தொடக்கத்திலன்று, கதையின் களம் முதன்முறையாக மாறும் இடத்தில். அது தெரிந்ததும் நோயின் வேரும் தெரிந்தது.

இளையோருக்கான மாயக்கதைகளில் நாயகன் பெரும்பாலும் நம்மைப் போலவே ஒன்றும் அறியாதவன். ஹாரி பதினோரு வயது வரை மாய உலகம் ஒன்று இருப்பதையே அறியான். ஆகவே கடைத்தெருவில் விற்கும் பொருள் முதல் பள்ளியின் பிரிவுகள் வரை யாரேனும் ஒருவர் அவனுக்கு விளக்கிச் சொல்கிறார். நாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறோம். அன்றியும் அந்த உலகம் ஒரே நாளில் நம் தலையில் இறக்கப்படவில்லை. 1997இல் வந்த முதல் நூல் 223 பக்கங்களே. எஞ்சியவை ஆறு நூல்களில், பத்து ஆண்டுகளில், சிறிது சிறிதாக வந்தன.

பெரியவர்களுக்கான காவியத்திலோ கதை மாந்தர் அந்த உலகிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தம் வாப்பாவின் பெயரையும் தம் ஊரின் வரலாற்றையும் நாம் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வதில்லை அல்லவா? அவர்களும் அப்படித்தான். பெயர்கள் முன்னே வருகின்றன; பொருள் பின்னால் வருகிறது. இந்த இடைவெளியைத் தாங்கப் பழகுவதுதான் பழக வேண்டிய ஒன்றே ஒன்று. நீளம் தானே பழகிவிடும்.

‘சிட்டி ஆஃப் பிராஸ்’ இந்த இரு வகையையும் ஒரே நூலுக்குள் வைத்திருப்பதால், கடக்க விரும்புவோர்க்கு அதுவே நல்ல பாலம் என்பது என் எண்ணம். கதை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சுப் படையின் பிடியிலிருந்த கெய்ரோவில் தொடங்குகிறது. நஹ்ரி என்ற இளம்பெண் ஏமாற்றுப் பிழைப்பு நடத்துகிறாள். மருத்துவம் கற்க வேண்டுமென்ற ஆசையை மனத்தில் வைத்திருக்கிறாள். ஒரு சடங்கில் தன் தாய்மொழியென அவள் கருதும் மொழியில் பாடப்போய், தாரா என்ற ஜின் வீரனை அறியாமல் வரவழைத்துவிடுகிறாள். அவன் அவளை ஜின்களின் நகரமான தேவாபாதுக்கு அழைத்துச் செல்கிறான். நஹ்ரிக்கு அந்த உலகம் தெரியாது. கேட்கிறாள், அவன் சொல்கிறான். இது வரை ஹாரி பாட்டர் படித்த பிள்ளைக்கு இது பழகிய பாதைதான்.

சில அத்தியாயங்கள் சென்றதும், முன்னறிவிப்பின்றி, அலீ என்ற இளவரசனின் கண்வழியே கதை நடக்கத் தொடங்குகிறது. அவன் தேவாபாதில் வாழ்பவன். கெஸீரி, தேவா, அயான்லே என்று குலப் பெயர்கள். ஷஃபித் என்று மனிதக் கலப்புடையோரின் பெயர். தன்ஸீம் என்று ஓர் இயக்கம். அரசரின் பெயர், அண்ணனின் பெயர் எல்லாம் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. என் மருமகள் நின்ற இடம் இதுவே. நூலின் இறுதியிலுள்ள சொற்பட்டியலுக்கு ஒரு பக்கத்தில் ஐந்து முறை போய் வந்திருக்கிறாள். பிறகு எப்படிக் கதை ஓடும்?

அவளிடம் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து மீண்டும் படிக்கச் சொன்னேன். சொற்பட்டியலைத் திறக்கக் கூடாது. மூன்றே கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இவனுக்கு என்ன வேண்டும்? யார் குறுக்கே நிற்கிறார்? எதற்கு அஞ்சுகிறான்? மஃரிபுக்குப் பின் உட்கார்ந்தவள் இஷாவுக்கு முன் ஒரு துண்டுத்தாளில் இவ்வாறு எழுதியிருந்தாள்: “அலீ, அரசரின் இளைய மகன். ஒடுக்கப்படும் கலப்பினத்தாருக்கு மறைவாகப் பணம் தருகிறான். பணம் சரியான வழியில்தான் செலவாகிறதா என்று ஐயம். வாப்பாவுக்குத் தெரிந்தால் என்னாகும் என்று பயம்.” அந்த அத்தியாயத்தில் அறிய வேண்டியது அவ்வளவுதான். மற்றப் பெயர்கள் காத்திருக்கும்.

ஆறு குலங்கள் உண்டு. சுலைமான் நபி (அலை) அவர்களின் தண்டனைக்கு ஆளாகிப் பிரிக்கப்பட்டவர்கள் என்பது இந்நூலாசிரியரின் கற்பனை. கற்பனை வேறு, மார்க்க நம்பிக்கை வேறு என்பதைச் சொல்லித்தான் நூலைக் கொடுத்தேன். அந்த ஆறில் தொடக்கத்தில் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: இன்று ஆளும் கெஸீரிகள், அவர்களிடம் அரசை இழந்த தேவாக்கள். எஞ்சிய நான்கும் அரண்மனைக்கு வருவோர் போவோராக அவ்வப்போது தலைகாட்டும். கைதேர்ந்த ஆசிரியர் கதைக்கு இன்றியமையாத பெயரை ஒரு முறை சொல்லி விட்டுவிடமாட்டார். வேறு வேறு இடங்களில் திரும்பக் கொண்டுவருவார். திரும்ப வராத பெயர் மறந்து போனால் நட்டமில்லை. கல்யாண வீட்டில் நூறு பேரைக் காட்டி இவர் இன்னாருக்கு மச்சான், இவர் இன்னாருக்குச் சம்பந்தி என்கிறார்கள். நாம் மனனம் செய்வதில்லை. மூன்றாம் முறை பந்தியில் பார்க்கும்போது தானே நினைவில் நிற்கிறார்.

அந்தத் துண்டுத்தாள் பக்க அடையாளமாகவும் நூலுக்குள் இருந்தது. அதில் பத்துப் பெயர்களுக்கு மேல் ஏறக் கூடாது. பதினொன்றாவது வேண்டுமென்றால் ஒன்றை அடிக்க வேண்டும். பெயருக்கு எதிரே ஊரோ குலமோ வேண்டாம், உறவும் விருப்பமும் போதும் என்றேன். நூலாசிரியரின் பட்டியலைவிட நாமே எழுதிய பட்டியல் மேல். இணையத்தில் தேடினால் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒரு பாத்திரத்தின் பெயரைத் தட்டினால், அது எந்த நூலில் எவ்வாறு இறக்கிறது என்பது முதல் வரியிலேயே வந்து நிற்கும்.

முதல் நூறு பக்கங்களில் இடைவெளி விடக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொன்னேன். நாளுக்கு ஓர் அத்தியாயம், நடுவில் நிறுத்தாமல். இந்தப் பகுதியில் பெயர்கள் இன்னும் எதனோடும் ஒட்டிக்கொள்ளாமல் மிதக்கின்றன. நான்கு நாள் விட்டால் கரைந்துவிடும். அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை படித்தாலும் தாங்கும். வழி சரிதானா என்றறிய ஓர் அடையாளம் உண்டு. படித்து முடித்த அத்தியாயத்தில் யாருக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால், ஊர்ப்பெயர்கள் தெரியாவிட்டாலும் சரியான வழியில்தான் போகிறோம். அலீயின் அத்தியாயங்களைத் தள்ளிவிட்டு நஹ்ரியைத் தேடிக் கை போகிறதென்றால் அவனுடைய மூன்று கேள்விகள் இன்னும் விடைபெறவில்லை என்று பொருள். நூற்றைம்பது பக்கம் கடந்தும் எவர் மீதும் அக்கறை பிறக்கவில்லையா? நூலை மூடிவிடலாம். அது அந்த நூலுக்கும் நமக்கும் இடையிலான பொருத்தம். வாசிப்புத் திறனின் குறையன்று.

பெற்றோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பெரியவர்களுக்கான நூல் என்பது நீளத்தை மட்டும் குறிப்பதன்று. இந்த நாவலிலேயே குடி, கொலை, அடிமைத்தனம் எல்லாம் வருகின்றன. 1996இல் வெளிவந்த ஜார்ஜ் மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எட்டுப் பேரின் கண்வழியே நடப்பதால் தொடக்கநிலை வாசகருக்குக் கடினம் என்பதோடு, அதிலுள்ள வெளிப்படையான காட்சிகள் குடும்பத்தில் கைமாற்றிப் படிக்கத் தக்கவை அல்ல. என் தங்கை, மகளுக்குக் கொடுக்குமுன் தானே புரட்டிப் பார்த்தாள். புரட்டியவள் நஹ்ரியின் கதையில் சிக்கி, இரண்டு நாள் நூலைத் திருப்பித் தரவில்லை என்பது வேறு கதை.

மருமகள் முதல் நூலைப் பன்னிரண்டு நாட்களில் முடித்தாள். அடுத்த இரண்டும், 2019இலும் 2020இலும் வந்தவை, அவளுக்குச் சிரமமே தரவில்லை. இரண்டாவதில் தாராவின் பார்வையும் சேர்ந்து மூன்று இழைகளாகிறது. அதற்குள் உலகம் பழகிவிட்டிருந்தது.

இப்போது டோல்கீனை மீண்டும் எடுத்திருக்கிறாள். ஹாபிட்டுகளின் பழக்கவழக்கங்களையும் அவர்கள் புகைக்கும் இலையையும் விவரிக்கும் முன்னுரையை விட்டுவிட்டு, பில்போவின் பிறந்தநாள் விருந்திலிருந்தே தொடங்கச் சொன்னேன். மூன்றாம் பகுதியின் இறுதியிலுள்ள பின்னிணைப்புகளைப் பக்கமே போகாதே என்றேன். அங்கே கதை முடிந்த பின் நடந்தவைகூட ஆண்டு வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன. அடுத்து அவளை நிறுத்தக்கூடியது முதற்பகுதியின் பதினான்காம் அத்தியாயம். எல்ரோண்டின் ஆலோசனைச் சபை. நெடிய அத்தியாயம், ஒருவரும் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை, ஆளுக்கு ஆள் பழைய செய்திகளைச் சொல்கிறார்கள். அதில் போரோமீர் எதற்காக வந்தான், காண்டால்ப் ஏன் தாமதித்தார் என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொள், அந்த மோதிரத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு இறுதியில் யார் வாய் திறக்கிறார் என்று பார் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தாள். துண்டுத்தாளில் எட்டுப் பெயர்கள்.